பூட்டிய கதவும் பொன்வண்ணப் பொடியும்

1856-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் செல்ட்டன்ஹாம் நகரத்து வித்வத் சபையின் வாசலில், எஃகுச் செய்முறையை விவரிக்கும் காகிதச் சுருளுடன் ஹென்றி பெஸ்ஸிமரைச் சென்ற வாரம் நிற்க வைத்துவிட்டு வந்தோம். இவ்வாரம் அவரை உள்ளே அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒரு கேள்வி வழிமறித்துக்கொண்டது. அன்று அவர் கையில் இருந்த இரகசியத்தை உலகறிய வாசித்துக் காட்டி, பேட்டன்ட் எடுத்துக்கொண்ட இதே மனிதர், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் கண்டுபிடித்த இன்னொன்றை மனைவியின் சகோதரர்கள் மூவரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாமல் பூட்டி வைத்திருந்தாரே, அது ஏன்? அந்தக் கதையைச் சொல்லாமல் சபைக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை.

கதை ஒரு சகோதரியின் ஆசையில் தொடங்குகிறது. தாம் தீட்டிய மலர்ச் சித்திரங்களைத் தொகுத்து வைத்திருந்த அப்பெண்மணி, அத்தொகுப்பின் மேலட்டையில் தம் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்துத் தரும்படித் தம்பியைக் கேட்டார். தம்பி லண்டனிலுள்ள ஒரு வண்ணக் கடைக்குப் போய்ப் பொன்வண்ணப் பொடி வாங்கினார். படச் சட்டங்களிலும் சுவர்க் காகிதங்களிலும் தங்கம் போல மின்னுவதற்காகப் பூசுகிறார்களே, அந்தப் பொடிதான். அதில் தங்கம் குன்றிமணி அளவும் கிடையாது. பித்தளையே அன்றி வேறில்லை. விலையோ அவுன்ஸுக்கு ஏழு ஷில்லிங். பவுண்டுக்குக் கணக்கிட்டால் 112 ஷில்லிங் ஆகிறது. பித்தளையோ பவுண்டு ஏறத்தாழ ஒரு ஷில்லிங்குக்குக் கிடைத்தது. இடையில் நிற்கும் நூற்றுப் பத்துச் சொச்சம் ஷில்லிங்கும் எங்கே போகிறது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்த அந்த இளைஞருக்கு, அது கைக்கூலிக்குப் போகிறது என்பது விரைவிலேயே விளங்கிவிட்டது. ஜெர்மனியில் நூரெம்பர்க் நகரத்துப் பரம்பரைத் தொழிலாளிகள் பித்தளையைத் தங்க ரேக்கு போலச் சுத்தியால் அடித்து மெல்லிய தகடாக்கி, பிறகு கையாலேயே அரைத்து இந்தப் பொடியைச் செய்து வந்தார்கள்.

யந்திரம் அமைத்து இதனைச் செய்ய முயன்ற பெஸ்ஸிமர் முதலில் தோற்றார். பித்தளையைக் கடைந்து துகளாக்கிப் பூசிப் பார்த்தால் பளபளப்பே இல்லை. மங்கிய மண் நிறமாகக் கிடந்தது. முயற்சியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு தம் துகளையும் ஜெர்மானியர் பொடியையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து ஒப்பிட்டபோதுதான் பேதம் தெரிந்தது. அவர்களுடைய துகள் ஒவ்வொன்றும் தட்டையான செதில். ஒளி பட்டால் சிறு கண்ணாடியைப் போல அதனைத் திருப்பி வீசுகிறது. இவருடைய துகளோ சுருண்டு திரண்டு கிடந்தமையால் ஒளியை நாலாபுறமும் சிதறடித்தது. துகளைச் செதிலாக நசுக்க உபாயம் கண்ட அன்று அவருடைய தரித்திரம் தீர்ந்தது.

இப்போது இரண்டு மார்க்கங்கள் எதிரே இருந்தன. பேட்டன்ட் எடுத்தால் பதினான்கு ஆண்டுகளுக்கு அரசாங்கத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதற்கு விலையாக, யந்திரத்தின் ஒவ்வொரு பல்லும் உருளையும் விளங்கும்படி விவரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த மாத்திரத்தில் நூரெம்பர்க்காரன் அதனைப் படிப்பான். ஆங்கில பேட்டன்ட் ஜெர்மனியில் செல்லாது. இங்கிலாந்திலேயே ஒருவன் திருட்டுத்தனமாகச் செய்தாலும், கடையில் இருக்கும் பொடியைப் பார்த்து, இது அடித்த பொடியா, யந்திரப் பொடியா என்று நியாயஸ்தலத்தில் நிரூபிப்பது யாரால் ஆகும்? ஆனால் அந்த இடைஞ்சலுக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு: பொடியைப் பார்த்துத் திருடனைப் பிடிக்க முடியாது என்றால், பொடியைப் பார்த்து யந்திரத்தையும் யூகிக்க முடியாது. ஒரு சரக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் அதைச் செய்த விதம் புலனாகிவிடுமாயின், விற்ற அன்றே இரகசியம் தெருவுக்கு வந்துவிடும். அங்கே பேட்டன்டை விட்டால் கதியில்லை. செய்முறையின் சுவடு சரக்கில் தங்காதபோதுதான் மௌனம் பலிக்கும். பெஸ்ஸிமர் மௌனத்தைத் தேர்ந்தார்.

அம்மௌனத்தைக் காக்க அவர் செய்த ஏற்பாடுகளை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. யந்திரங்களின் உறுப்புகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, மான்செஸ்டர், கிளாஸ்கோ முதலிய வெவ்வேறு நகரங்களிலுள்ள பட்டறைகளில் செய்யச் சொன்னார். எதற்கு உபயோகம் என்று எந்தப் பட்டறைக்காரனுக்கும் தெரியாது. லண்டனில் செயின்ட் பாங்கிராஸ் பகுதியில் தம் வீட்டை ஒட்டிய கட்டடத்தில் தாமே அவற்றைக் கூட்டிச் சேர்த்தார். யந்திரங்கள் பெரும்பாலும் தாமே ஓடும்படி அமைந்திருந்தமையால், ஆட்கள் மிகச் சிலரே போதும் என்றாயிற்று. அந்தச் சிலரும் நல்ல சம்பளம் பெற்ற மைத்துனர்கள்.

மனிதரிடத்தில் இவ்வளவு அவநம்பிக்கை ஏன் என்று கேட்போர் உண்டு. இளமையில் அவர் பட்ட அடி அப்படிப்பட்டது. பழைய பத்திரங்களிலிருந்து முத்திரையை உரித்துப் புதியவற்றில் ஒட்டும் மோசடியால் அரசாங்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுன் நஷ்டம் என்று கேள்விப்பட்டு, துளையிட்டு அச்சிடும் புதிய முத்திரையொன்றை அமைத்துக் கொடுத்தார். முத்திரை இலாகா மகிழ்ந்து உத்தியோகமும் தருவதாகச் சொல்லிற்று. அப்போது அவர் மணக்கவிருந்த பெண், முத்திரையில் தேதியைப் போட்டுவிட்டால் யாரும் திரும்பப் பயன்படுத்த முடியாதே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். உண்மையிலேயே மேலான அந்த யோசனையையும் அவர் நேர்மையோடு இலாகாவிடம் சொன்னார். இலாகா அதை ஏற்றுக்கொண்டது; ஏற்றுக்கொண்டதால் புதிய யந்திரமும் வேண்டாம், உத்தியோகமும் வேண்டாம் என்றாகிவிட்டது. பேட்டன்ட் எடுக்காத யோசனைக்கு ஒரு பென்னியும் கிடைக்கவில்லை. 1879-இல் ஸர் பட்டம் அளித்து அந்தக் கடனைத் தீர்த்ததாக அரசாங்கம் நினைத்துக்கொண்டது. என் அபிப்பிராயத்தில் இச்சரித்திரத்தின் வில்லன் நூரெம்பர்க்காரன் அல்லன், அந்த இலாகாவே. அப்பெண்ணின் சகோதரர்கள்தாம் பின்னாளில் பொடிக் கட்டடத்தின் சாவியைக் கையில் வைத்திருந்தவர்கள்.

இரகசியத்துக்குச் சட்டத்தின் துணை அறவே இல்லை என்பதும் சரியன்று. 1851-இல் மாரிஸன் என்பாரின் மருந்துக் குறிப்பைக் கூட்டாளியின் மகன் நம்பிக்கைத் துரோகமாக அறிந்து வியாபாரம் செய்தபோது, லண்டன் சான்சரி நீதிமன்றம் அவனைத் தடுத்தது. ஆனால் அந்தத் தடை துரோகம் செய்தவனை மட்டுமே கட்டியது. மற்றொருவன் தன் புத்தியால் அதே மருந்தைக் கண்டுபிடித்திருந்தால், நீதிமன்றம் கைகட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பேட்டன்டோ அந்த மற்றொருவனையும் தடுக்கும். பூதக்கண்ணாடி யாருக்கும் பொது. வேறொருவன் செதிலைப் பார்த்து யந்திரம் செய்துவிட்டானோ என்று பெஸ்ஸிமர் ஒவ்வோர் ஆண்டும் சந்தை விலையைக் கவனித்தபடியே இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எஃகு விஷயத்தில் ஏன் வாய் திறந்தார் என்பது இப்போது விளங்கும். உருகிய இரும்பினூடே காற்றைச் செலுத்தும்போது வானளாவ எழும் தீப்பிழம்பைச் சுவர் எழுப்பி மறைக்க முடியாது. நாடெங்கும் வார்ப்படச் சாலைகள், நூற்றுக்கணக்கான கைகள், அத்தனை பேருக்கும் மைத்துனர் உறவு ஏது? அங்கே உரிமத்தொகை வாங்கிப் பிழைக்கும் வழி ஒன்றுதான். 1856-இல் பெற்ற அந்த எஃகு பேட்டன்டுகள் 1870-இல் காலாவதியாயின. அதற்கு முன்பே பிறந்த பொடி இரகசியமோ அப்போதும் வெளிவரவில்லை. 35 ஆண்டுகளுக்கு மேல் அதைக் காத்த பிறகு, தொழிற்சாலையை மைத்துனர் ரிச்சர்டு ஆலனுக்கே வெகுமதியாகக் கொடுத்துவிட்டார் பெஸ்ஸிமர்.

செல்ட்டன்ஹாம் சபையின் கதவு அடுத்த வாரம் நிச்சயமாகத் திறக்கும். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.