வியாபார போஸ்ட்டுக்கு எதிர்ப்பு கிளம்பினால்... டெலிட்டா, மன்னிப்பா, விளக்கமா? எது எப்போது கைகொடுக்கும்?

காலையில் போட்ட ஆஃபர் போஸ்ட்டுக்கு மதியத்துக்குள் நூற்றுக்கணக்கில் கோபமான கமெண்ட்கள். கடை நடத்துபவரின் கை முதலில் போவது டெலிட் பட்டனுக்குத்தான். சிலர் 'மன்னிச்சிடுங்க' என்று ஒரு வரி போடுகிறார்கள். இன்னும் சிலர், 'மக்கள் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க' என்று நீளமாக விளக்கம் எழுதி அதை மேலே 'பின்' செய்து வைக்கிறார்கள். மூன்றுமே சரியான வழிகள்தான். ஆனால் ஒன்று செய்ய வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் செய்தால் பிரச்சனை இரட்டிப்பாகிவிடும்.

காரணம், இந்த மூன்றும் போய்ச் சேரும் ஆட்கள் வேறு வேறு. 'பின்' செய்த விளக்கம், போஸ்ட்டைத் தேடி வந்து கமெண்ட் பகுதியைத் திறப்பவருக்கு மட்டுமே தெரியும். டெலிட் செய்தால் இனி வருபவர்களுக்குப் போஸ்ட் தெரியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவரை அது தொடவே தொடாது. ஸ்க்ரீன்ஷாட்டுக்குப் பின்னால் ஓரளவாவது ஓடக்கூடியது வெளிப்படையான மன்னிப்பு மட்டும்தான். ஏனென்றால் அதையும் மக்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பார்கள்.

பர்கர் கிங் விஷயத்தில் நடந்தது என்ன?

2021 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். பர்கர் கிங் நிறுவனத்தின் பிரிட்டன் ட்விட்டர் பக்கத்தில் ஒரு வரி வந்தது. 'பெண்களின் இடம் சமையலறைதான்' என்பது அதன் பொருள். அதற்குக் கீழேயே அடுத்தடுத்து ட்வீட்கள்: 'அவர்கள் விரும்பினால் மட்டும். ஆனால் சமையல் கலைஞர்களில் 20 சதவீதம் பேர்தான் பெண்கள். அதை மாற்ற, எங்கள் பெண் ஊழியர்களுக்குச் சமையல் கலை படிக்க உதவித்தொகை தருகிறோம்.'

நோக்கம் நல்லதுதான். ஆனால் பகிரப்பட்டது முதல் வரி மட்டும். இரண்டாவது ட்வீட்டை யாரும் சேர்த்துப் பகிரவில்லை. அதே நாளில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதே வாசகத்தோடு முழுப் பக்க விளம்பரமும் வெளியானது. அங்கே தலைப்பும் விளக்கமும் ஒரே பக்கத்தில், ஒரே பார்வையில் கிடைத்தன. ட்விட்டரில் அந்த இரண்டும் பிரிந்துபோயின.

எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் முதலில் எடுத்தது விளக்கம் சொல்லும் வழி. கேஎஃப்சியின் கேமிங் பக்கம் 'இதை டெலிட் பண்ணிடுங்க' என்று கிண்டலாகச் சொன்னபோது, 'பெண்களின் குறைவான எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டும் ட்வீட்டை ஏன் நீக்க வேண்டும்?' என்று திருப்பிக் கேட்டது. உண்மையில் விளக்கம் ஏற்கெனவே அந்த த்ரெட்டிலேயே இருந்தது. அதை இன்னொரு முறை சொல்வதால் என்ன மாறும்? கோபமும் அடங்கவில்லை.

அன்றே முடிவு மாறியது. முதல் ட்வீட் தவறு, வருந்துகிறோம் என்று நேரடியாக மன்னிப்பு கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் ட்வீட்டை நீக்கினார்கள். நீக்கியதையும் மறைக்கவில்லை. த்ரெட்டில் ஆபாசமான, இழிவான கமெண்ட்கள் வருவது தங்கள் கவனத்துக்கு வந்ததாகவும், அதற்கு இடம் கொடுக்க விரும்பவில்லை என்றும் காரணம் சொன்னார்கள். வரிசை இங்கே முக்கியம்: முதலில் மன்னிப்பு, அப்புறம் டெலிட், கூடவே ஏன் டெலிட் என்பதற்கு ஒரு வரி. இந்த வரிசை தலைகீழானால், அதாவது சத்தமில்லாமல் நீக்கிவிட்டு மாலையில் மன்னிப்பு கேட்டால், நடுவில் உள்ள சில மணி நேரத்தில் 'பயந்து தூக்கிட்டாங்க' என்பதே தனிச் செய்தியாகிவிடும்.

முடிவெடுக்கும் முன் கமெண்ட்களைப் படிக்க வேண்டும்

எந்தப் பட்டனையும் அழுத்தும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்தப் போஸ்ட்டுக்குப் பணம் கட்டி 'பூஸ்ட்' செய்திருந்தால் அதை நிறுத்த வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கமெண்ட் பகுதி எரிந்துகொண்டிருக்கும்போதே, கடையின் சொந்தக் காசில் அந்தப் போஸ்ட் புதுப்புது ஆட்களுக்குக் காட்டப்பட்டுக்கொண்டிருக்கும். மாலைக்கு ஷெட்யூல் செய்து வைத்த 'ஹேப்பி வீக்கெண்ட்' போஸ்ட்டையும் நிறுத்திவிடுவது நல்லது.

அடுத்து முதல் ஐம்பது கமெண்ட்களை வரிசையாகப் படிக்கலாம். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதா? 'டெலிவரி சார்ஜ் சேர்த்தா, சேர்க்காமலா?', 'இது அரை கிலோவா, ஒரு கிலோவா?' என்ற மாதிரி இருந்தால் போஸ்ட்டில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது. அதற்கு 'பின்' செய்த விளக்கம் போதும். 'நீங்க சொன்னது பொய்' என்று வந்து, அது உண்மையாகவும் இருந்தால் விளக்கம் போதாது, திருத்தமும் மன்னிப்பும் வேண்டும். 'எங்களைக் கேவலப்படுத்திட்டீங்க' என்பது மூன்றாவது வகை. இங்கே தகவல் பிரச்சனையே இல்லை, மரியாதைதான் பிரச்சனை. இந்த இடத்தில் விளக்கம் கொடுத்தால், 'உங்களுக்குத்தான் புரியல' என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு புடவைக் கடை உதாரணம்

தீபாவளி நேரம். இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் ஒரு சிறிய கடை, 'காஞ்சிபுரம் சாஃப்ட் சில்க், ₹1,499 மட்டும்' என்று ரீல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். '1,499-க்கு காஞ்சிப் பட்டா? யாரை ஏமாத்துறீங்க?' என்று கமெண்ட்கள் குவிகின்றன. கடைக்காரர் மனதில் இது வெறும் பெயர்தான். 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் கலப்பு நூல் புடவைகளும் சந்தையில் விற்கப்படுவது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

ஆனால் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். சுத்தமான பட்டுக்கு மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' லேபிள் இருக்கிறது. இந்தப் புடவையில் இரண்டுமே இல்லை. ஆக இது விட்டுப்போன தகவல் அல்ல, தவறான தகவல். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைத் தவறாக வர்ணிப்பது தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகும். போஸ்ட்டை நீக்கிவிட்டால் மட்டும் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது, குறிப்பாக அதைப் பார்த்து ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் விஷயத்தில்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேப்ஷனைத் திருத்தலாம். ஆனால் வீடியோவுக்குள் எழுதப்பட்ட 'காஞ்சிபுரம்' என்ற வார்த்தையைப் போஸ்ட் செய்த பிறகு மாற்ற முடியாது. மியூட்டில் பார்ப்பவர் கண்ணில் படுவது அதுதான். எனவே விளக்கத்தை மட்டும் 'பின்' செய்துவிட்டு ரீலை ஓடவிடுவது சரிவராது. முதலில் கமெண்ட்கள், ஆர்டர் மெசேஜ்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். யார் யார் வாங்கினார்கள் என்று பிறகு தேட இதுதான் உதவும். அப்புறம் ரீலின் கீழ் இப்படி ஒரு கமெண்ட் போட்டு 'பின்' செய்யலாம்:

'இந்த ரீலில் காஞ்சிபுரம் பட்டு என்று சொன்னது எங்கள் தவறு. இது கலப்பு நூல் புடவை, சுத்தமான பட்டு அல்ல. மன்னிக்கவும். இதைப் பார்த்து ஆர்டர் செய்தவர்கள் புடவையைத் திருப்பி அனுப்பலாம், கூரியர் செலவு எங்களுடையது, முழுப் பணமும் திரும்ப வரும். இந்த ரீலை இன்று இரவு எடுத்துவிடுகிறோம். திருத்திய விவரம் தனிப் போஸ்ட்டாக வரும்.'

இதில் என்ன தவறு, யாருடைய தவறு, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றும் இருக்கின்றன. 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்ற வழக்கமான வரியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அது யாரையும் சமாதானப்படுத்துவதில்லை. 'இன்பாக்ஸ் வாங்க மேடம்' என்பதும் அப்படித்தான். பணம் திருப்பும் விவரத்தை இன்பாக்ஸில் பேசலாம், மன்னிப்பு மட்டும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரவு ரீலை எடுக்கும்போது டெலிட்டுக்குப் பதில் 'ஆர்க்கைவ்' செய்வது மேல். கமெண்ட்களோடு அப்படியே மறைந்திருக்கும், தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். டெலிட் செய்த போஸ்ட்டோ இன்ஸ்டாகிராமின் 'ரீசன்ட்லி டெலிட்டட்' பகுதியில் 30 நாட்கள் மட்டுமே இருக்கும்.

யோசிக்காமல் உடனே தூக்க வேண்டிய போஸ்ட்டும் உண்டு

வாடிக்கையாளரின் போன் நம்பர் தெரியும் பார்சல் படம், அனுமதி இல்லாமல் போட்ட குழந்தையின் படம், யாரையாவது ஆபத்தில் தள்ளும் தகவல். இங்கே வரிசையெல்லாம் பார்க்கக் கூடாது. முதலில் நீக்கம், பிறகுதான் பேச்சு. ஊழியர்களுக்கு மிரட்டல் வரும்போதும் இதே நிலைதான். 2020 அக்டோபரில் தனிஷ்க் தன் 'ஏகத்வம்' விளம்பரத்தைத் திரும்பப் பெற்றபோது, ஊழியர்கள் மற்றும் கடைப் பணியாளர்களின் நலனைக் காரணமாகச் சொன்னது. ஆனால் அப்போது, 'ஏன் பணிந்துபோனீர்கள்?' என்று மறுபக்கத்திலிருந்து விமர்சனம் வந்தது. தவறே செய்யாத விளம்பரத்தை நீக்கினாலும் கோபம் ஓயாது, இடம் மாறும் என்பதற்கு இது உதாரணம்.

கேட்ட மன்னிப்பைத் தாங்களே கெடுப்பது

தமிழ்நாட்டுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் சம்பவம் 2021 அக்டோபரில் நடந்தது. இந்தி தேசிய மொழி, எல்லோரும் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொமேட்டோ வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவர் சாட்டில் சொன்னார். அந்த ஸ்க்ரீன்ஷாட் பரவி, சொமேட்டோவைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் டிரெண்டானது. மறுநாள் நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது. ஊழியரை நீக்கியதாகவும், தமிழ் செயலி தயாராகி வருவதாகவும், கோவையில் சேவை மையம் வருவதாகவும் சொன்னது. புண்பட்ட மொழியிலேயே பதில், கூடவே உறுதியான நடவடிக்கை. மன்னிப்பு என்ற அளவில் நல்ல அறிக்கைதான்.

ஆனால் அன்றே நிறுவனர் தீபிந்தர் கோயல், ஊழியரை மீண்டும் வேலைக்கு எடுப்பதாக அறிவித்தார். சேவை மையத்தில் ஒருவர் அறியாமல் செய்த தவறு தேசியப் பிரச்சனையாகிவிட்டது, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் அதிகமாக வேண்டும் என்றும் எழுதினார். கீழ்நிலை ஊழியரின் வேலையைப் பறிக்காதது சரியான முடிவு என்றே பலரும் சொல்வார்கள். சிக்கல், அதோடு சேர்த்துச் சொன்ன அந்த அறிவுரை. காலையில் கேட்ட மன்னிப்பு மனதிலிருந்து வரவில்லை என்ற எண்ணத்தை அது உண்டாக்கி, அடங்கிய எதிர்ப்பை மறுபடி கிளப்பியது. சின்னக் கடைகளில் இது இன்னும் எளிதாக நடக்கும். பக்கத்தில் மன்னிப்பு 'பின்' ஆகியிருக்கும். உரிமையாளரின் தம்பி தன் சொந்த அக்கவுண்டில் கமெண்ட் போட்டவர்களுடன் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

'பின்' எவ்வளவு நாள் இருக்க வேண்டும்?

இன்ஸ்டாகிராமில் ஒரு போஸ்ட்டுக்கு மூன்று கமெண்ட்கள் வரை, யூடியூபில் ஒன்றே ஒன்று 'பின்' செய்யலாம். மூன்று இடம் இருக்கிறதே என்று கூடவே பாராட்டுக் கமெண்ட்களை 'பின்' செய்வது எரிச்சலைத்தான் கூட்டும். திட்டிய கமெண்ட்களை ஒவ்வொன்றாக அழிப்பதும் அப்படியே. ஆபாசம், மிரட்டல் தவிர மற்றவற்றை விட்டுவிடலாம்.

புடவைக் கடை உதாரணத்தில், திருத்திய விவரம் வந்த புதுப் போஸ்ட்டைப் பக்கத்தின் உச்சியில் 'பின்' செய்து வைக்க வேண்டும். கடைசிப் புடவை திரும்பி வந்து, கடைசி வாடிக்கையாளரின் கணக்கில் பணம் ஏறும் வரை அதை எடுக்கக் கூடாது.