ஒரு மல்லிகை மொட்டும் மூன்று விலைகளும்

மதுரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் பறித்துவிடுகிறார்கள். அன்று மாலையே அது மலர்ந்துவிடும், மறுநாள் வாடிவிடும். அந்த ஒரு நாளுக்குள் பல கைகள் மாறும் இந்த மொட்டுக்கு ஒவ்வொரு கையிலும் ஒரு விலை. விலையை ஏற்றினால் வசூல் கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு இடத்துக்கு இடம் வேறு பதில் கிடைக்கிறது.

முதல் நிறுத்தம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். இங்கே விலையை விவசாயி வைப்பதில்லை. அன்றைய வரத்தும் வாங்க வந்திருப்பவர்களும் சேர்ந்து வைக்கிறார்கள். கோடையில் பூ கொட்டுகிறது, விலை சரிகிறது. மார்கழிப் பனியில் வரத்து சுருங்கிக் கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது. ஒரு தோட்டத்தில் கோடையில் பத்துக் கிலோ எடுத்து 300 ரூபாய்க்கு விற்றால் 3,000 ரூபாய். பனிக்காலத்தில் இரண்டே கிலோ எடுத்து 2,000 ரூபாய்க்கு விற்றால் 4,000. பூ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தும் வரும்படி ஏறிவிடுகிறது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வேண்டிய பூவை விலை கேட்டு யாரும் தள்ளிப்போடுவதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவுகட்டக் கூடாது. பொங்கலை ஒட்டி வாங்குவோரும் பெருகுகிறார்கள். விலையும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒரே நாளில் மாறும்போது, விலைக்கு மக்கள் எவ்வளவு அசைந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே மாதிரியான இரண்டு நாட்களை ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

அந்த ஒப்பீட்டுக்குத் தோதான இடம் அடுத்த நிறுத்தம், தெருமுனையில் பூக்கட்டும் பெண்ணின் கூடை. முழம் 30 ரூபாய், நூறு முழம் விற்கிறது, வசூல் 3,000 என்று வைத்துக்கொள்வோம். விலையை 40 ஆக்குகிறார். முகூர்த்த நாளானால் 90 முழம் போகும், வசூல் 3,600. சாதாரண நாளில் 60 முழம்தான் போகும், 2,400. மல்லிகை விலை கட்டுப்படியாகாவிட்டால் கனகாம்பரமும் பிச்சியும் பக்கத்திலேயே இருக்கின்றன. அல்லது இன்று பூ வைக்காமலே இருந்துவிடலாம். 90-க்கும் 60-க்கும் நடுவே ஒரு எல்லை இருக்கிறது. 75 முழம் விற்றால் 75 பெருக்கல் 40, அதே 3,000. அதற்கு மேல் விற்றால் விலையேற்றம் லாபகரம், கீழே போனால் நஷ்டம்.

பொருளியலில் இதைத் தேவை நெகிழ்ச்சி என்பார்கள். அளவு எத்தனை சதவீதம் மாறியதோ, அதை விலை மாறிய சதவீதத்தால் வகுப்பது. விடை ஒன்றுக்கு மேல் என்றால் விலையேற்றம் வசூலைக் குறைக்கும், ஒன்றுக்குக் கீழ் என்றால் கூட்டும். நம் எல்லைக் கணக்கில் ஒரு சிக்கல் தெரியும்: 30-லிருந்து 40 என்பது 33 சதவீத ஏற்றம், 100-லிருந்து 75 என்பது 25 சதவீத இறக்கம். வசூல் சமமாக இருந்தும் விடை ஒன்றாக வரவில்லை. மாற்றம் பெரிதாக இருக்கும்போது பழைய, புதிய எண்களின் சராசரியால் வகுக்க வேண்டும். விலை: பத்தை 35-ஆல். அளவு: 25-ஐ 87.5-ஆல். இரண்டும் ஏழில் இரண்டு பங்கு. விடை சரியாக ஒன்று.

வசூல் குறைந்தால் எப்போதும் நஷ்டம் என்பதும் இல்லை. துணி விற்பவர் குறைவாக விற்றால் மீதியை நாளைக்கு வைத்துக்கொள்வார், அடுத்த முறை குறைவாகக் கொள்முதல் செய்வார். பூக்காரியோ காலையிலேயே பணம் கொடுத்துவிட்டார், இரவுக்குள் விற்காதது வாடிப்போகும். செலவு முடிந்துபோனபின் அவர் பார்க்க வேண்டியது மொத்த வசூல் ஒன்றையே. மாலை ஏழு மணிக்கு 40-ஐ 20 ஆக்கினால் வசூல் கூடும் என்றால், அந்தக் கணக்கின்படி அது சரியான முடிவு.

இன்னொன்றும் உண்டு. வரிசையில் பத்துப் பூக்காரிகள் இருக்க ஒருவர் மட்டும் ஏற்றினால், கூட்டம் பக்கத்துக் கூடைக்கு நகர்ந்துவிடும். கொள்முதல் விலை ஏறி எல்லோரும் சேர்ந்து ஏற்றும்போது அவ்வளவு பேர் விலகுவதில்லை. ஒரே பூ, ஒரே தெரு. தனி ஆளின் நெகிழ்ச்சி மிகப் பெரியது, தெருவின் நெகிழ்ச்சி சிறியது.

கடைசி நிறுத்தம் ஆலை. கோடையில் சந்தையில் மிஞ்சுவது நிலக்கோட்டைப் பக்கத்து வாசனை ஆலைகளுக்குப் போகிறது. மெழுகு போன்ற வாசனைச் சாறு ஒரு கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அதை வாங்கும் நிறுவனங்களுக்கு எகிப்தின் மல்லிகைச் சாறும் கிடைக்கிறது. அதனால் ஆலை ஒரு விலை வரைக்கும் டன் கணக்கில் வாங்கும், அதைத் தாண்டினால் கொள்முதலை நிறுத்திக்கொள்ளும்.