மூன்று முகவரி எங்கிருந்து வந்தது?

கொம்பைலர் பாடத்துக்கு எங்களுக்கு ஒரு ஒப்படை கிடைத்தது. மாறிகளுக்கு மதிப்புக் கொடுக்கும் கூற்றுகளை வாசித்து, ஒரு சிம்பல் டேபிளைக் கட்டி, மூன்று முகவரிக் குறிமுறையை வெளியே தரவேண்டும். நாங்கள் நாலு பேர். மருதானையில ஒரு அறையில கூடி வேலையைப் பாதி பாதியாகப் பிரித்தோம். வெள்ளவத்தையிலிருந்து ரயிலில வாற இரண்டு பேருக்கு சிம்பல் டேபிள், கொட்டாஞ்சேனை இரண்டு பேருக்கு மூன்று முகவரிக் குறிமுறை. தனித்தனியாச் சோதிக்க இரண்டும் சரி. ஒன்றாய்ச் சேர்த்ததும் விடை பிழைத்தது.

பிழையைத் தேடிப் போன இடத்தில ஒரு பழைய கதை அகப்பட்டது. நாங்கள் பிரித்த அந்த இரண்டு வேலையும் தொடக்கத்தில ஒரே ஆளின் மேசையில ஒன்றாகக் கிடந்தவை.

முதலில பெயரைப் பார்ப்போம். ஏன் மூன்று? 1950களில ஐபிஎம் 704 என்ற இயந்திரத்தின் ஒரு கட்டளைக்குள்ளே ஒரு நினைவக முகவரிதான் அடங்கும். `C = A + B` என்பதற்கு மூன்று கட்டளை வேணும்:

```
CLA A
ADD B
STO C
```

A-யை எடு, B-யைக் கூட்டு, C-யில வை. அதே காலத்தில மொஸ்கோவில செர்கெய் லெபெதெவ் தலைமையில கட்டப்பட்ட பெஸ்ம் இயந்திரம் வேற மாதிரி. அதன் ஒரு சொல் 39 பிட். அதில 6 பிட் என்ன செயல் என்று சொல்லும். மிச்சம் 33 பிட்டில 11 பிட் முகவரிகள் மூன்று. எடுக்கும் இடம் இரண்டு, வைக்கும் இடம் ஒன்று. கூட்டல் முழுவதும் ஒரே கட்டளையில முடியும். இன்றைக்கு நாங்கள் கொப்பியில எழுதுகிற `t1 = a * b` என்ற வரியும் இதே வடிவம்தான். ஒரு காலத்தில உண்மையான இரும்புப் பெட்டியின் கட்டளையாக இருந்த வடிவம், இன்றைக்கு எந்த இயந்திரத்தையும் சேராத இடைநிலை மொழியாக நிற்கிறது.

அந்த பெஸ்முக்கு, கணிதச் சூத்திரங்களைக் கட்டளைகளாக மாற்றும் நிரலை எழுதிய குழுவில முக்கியமானவர் அந்த்ரேய் எர்ஷோவ். 1931இல் பிறந்தவர், அப்ப இருபதுகளின் நடுவில இருந்தார். கணக்குக் கோவைகளை எப்படிக் கட்டளைகளாக்குவது என்ற அவருடைய கட்டுரை 1958 ஓகஸ்டில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றிலும் ஆங்கிலத்தில வந்தது.

அவருக்கு முன்னால இருந்த கேள்வி இதுதான்: ஒரே கணக்கு இரண்டு தரம் வந்தால், இரண்டாந்தரமும் ஏன் செய்யவேண்டும்? ஒவ்வொரு கட்டளையையும் உருவாக்கும்போது, "செயல், முதல் இடம், இரண்டாம் இடம் என்ற இந்த மூன்றும் சேர்ந்து முன்னமே வந்திருக்கா?" என்று பார்க்கவேணும். எல்லாவற்றையும் வரிசையாகத் தேடினால் நேரம் போய்விடும். அதனால அந்த மூன்றிலிருந்தும் ஒரு எண்ணைக் கணித்து, அட்டவணையில அந்த எண்ணுள்ள இடத்துக்கு நேரே போவது, அங்கே வேறொன்று இருந்தால் அடுத்த இடத்தைப் பார்ப்பது என்று ஒரு வழியை 1957இல் கண்டார். இதைத்தான் நாங்கள் இன்றைக்கு ஹாஷ் டேபிள் என்கிறோம். அவருக்குத் தெரியாமலே, 1954இல் ஐபிஎம் 701இன் அசெம்பிளரில பெயர்களைத் தேட இதே வழியை வேறு சிலரும் பாவித்திருந்தார்கள். அட்டவணை மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக நிரம்பியிருந்தால், இருக்கிற ஒன்றைத் தேட சராசரியாக இரண்டு தரத்துக்குள் பார்த்தால் போதும் என்றும் எர்ஷோவ் ஊகித்தார். அது சரியென்று பிறகு நிறுவப்பட்டது.

ஆக, "இந்தப் பெயர் முன்னமே வந்ததா?" என்று சிம்பல் டேபிள் கேட்கிறது. "இந்தக் கணக்கு முன்னமே வந்ததா?" என்று குறிமுறை உருவாக்கும் பகுதி கேட்கிறது. கேள்வி ஒன்றுதான், தேடும் முறையும் ஒன்றுதான்.

இனி எங்கட பிழைக்கு வருவோம். சோதனைக்கு வைத்த நிரல் இது:

```
int x, a, b, y;
x = a*b + a*b;
a = x - 4;
y = a*b;
```

வெள்ளவத்தைக்காரரின் அட்டவணை நாலு பெயரையும் ஒழுங்காக வைத்திருந்தது. ஒவ்வொரு `int`-க்கும் 4 பைட், ஆகவே இடங்கள் 0, 4, 8, 12. கொட்டாஞ்சேனைக்காரர் எர்ஷோவ் மாதிரியே ஒரே கணக்கை மறுபடி செய்யாமல் விட்டார்கள். வெளியே வந்தது இது:

```
t1 = a * b
t2 = t1 + t1
x = t2
t3 = x - 4
a = t3
y = t1
```

பார்க்க வடிவாத்தான் இருக்கு. ஆனால் `a`-க்கு 2, `b`-க்கு 3 போட்டுக் கையால ஓட்டிப் பாருங்கோ. `t1` 6, `x` 12, `a` 8. கடைசியில `y` 24 ஆக வரவேணும். எங்களுக்கு வந்தது 6. நடுவில `a` மாறிவிட்டது, ஆனால் `a * b` என்ற எழுத்து மாறவில்லை. எழுத்தைப் பார்த்துத் தேடியதால பழைய விடையைத் தூக்கிக் கொடுத்தோம்.

`a` மாறினது யாருக்குத் தெரியும்? அந்தப் பெயரை வைத்திருக்கிற சிம்பல் டேபிளுக்குத்தான் தெரியவேணும். அதனால ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்தோம். தொடக்கத்தில எல்லாம் 0. ஒரு மாறிக்குப் புது மதிப்பு வரும்போது அதன் எண் ஒன்றால் கூடும். கணக்கைத் தேடும்போது `a`, `b` என்று தேடாமல், `a`-யின் 0ஆம் பதிப்பு, `b`-யின் 0ஆம் பதிப்பு என்று தேடவேணும். கடைசி வரி வரும்போது `a` 1ஆம் பதிப்பு. அப்படியொரு பெருக்கல் அட்டவணையில இல்லை, ஆகவே புதிதாக `t4 = a * b` பிறக்கும், `y` 24 ஆகும்.

இதிலயும் ஒருக்கா சறுக்கினோம். கூற்றை இடமிருந்து வாசிக்கும்போது, சமன் குறிக்கு இடப்பக்கப் பெயரைக் கண்ட உடனே எண்ணைக் கூட்டிவிட்டோம். இந்த இரண்டு வரியில அது அகப்பட்டது:

```
a = a*b;
y = a*b;
```

முதல் வரியின் வலப்பக்கத்தில இருப்பது பழைய `a`. நாங்கள் அதையே 1ஆம் பதிப்பென்று பதிந்துவிட்டோம். இரண்டாம் வரியும் 1ஆம் பதிப்பைத் தேட, முதல் பெருக்கலின் விடையே கிடைத்தது. 2, 3 என்று போட்டால் `y` 18 ஆக வரவேணும், 6 வந்தது. வலப்பக்கம் முழுவதற்கும் கட்டளை எழுதி முடிந்த பிறகுதான் இடப்பக்கத்தின் எண்ணைக் கூட்டவேணும்.

இந்தப் பதிப்பு எண்ணும் எங்கட கண்டுபிடிப்பில்லை. ஒவ்வொரு மதிப்புக் கொடுப்புக்கும் தனிப் பெயர் வைக்கும் வடிவத்தை 1980களின் கடைசியில ஐபிஎம் ஆய்வாளர்கள் முழுமையாக்கினார்கள். இன்றைய எல்எல்விஎம் அதன்மேல்தான் நிற்கிறது. `if`, `while` வந்தால் எங்கட எண் போதாது. இரண்டு வழி வந்து சேரும் இடத்தில எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யும் வேலை தனியாக இருக்கு. எங்கட ஒப்படையில கூற்றுகள் வரிசையாக மட்டும் வந்ததால தப்பினோம்.

கடைசியில, இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதியிருந்த தேடல் ஃபங்ஷன்களில ஒன்றை அழித்தோம். பெயரையும் கணக்கையும் ஒரே ஃபங்ஷன் தேடுகிறது. 1957இல் எர்ஷோவ் இருந்த இடத்துக்கு நாங்கள் வந்துசேர இரண்டு கிழமை எடுத்தது.