கையொப்பத்திற்கும் வயதுண்டு

கையொப்பம் இட நொடிப்பொழுது போதும். இட்ட கைக்கு வயதென்ன என்றன்றோ சட்டம் கேட்கிறது! ஏன் கேட்கிறது? கல்கத்தா வழக்கொன்றைக் காண்போம்.

1895 ஜூலை 20. தர்மதாஸ் கோஷ் என்னும் இளைஞன், தன் வீடுகளை ஈடுகாட்டி, வட்டிக்குக் கடன் தரும் பிரம்ம தத்தருக்கு 20,000 ரூபாய்க்கு அடமானப் பத்திரம் எழுதித் தந்தான். பொதுவிதிப்படி வயதுவரம்பு 18. ஆனால், உயர்நீதிமன்றம் அவன் தாயைக் காப்பாளராக நியமித்திருந்ததால், 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவனுக்கு வரம்பு 21. அவ்வயது நிரம்பவில்லையெனத் தாயின் வழக்கறிஞர் முன்பே கடிதம் விடுத்திருந்தார். கடன் தந்தோர் என்ன செய்தனர்? 'எனக்கு வயது வந்துவிட்டது' என அவனிடமே எழுதி வாங்கிக்கொண்டனர்!

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1903-இல் தீர்ப்பு வந்தது: மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாதது. மைனரென அறிந்தே தந்த கடனைத் திருப்பித் தருமாறு கட்டளையிடவும் மறுத்தனர்.

தொடக்கத்திலேயே இல்லாததற்குப் பின்னர் உயிரூட்ட முடியுமா? முடியாது. வயது வந்தபின் 'அன்று இட்டது சரியே' என்று ஒப்புக்கொண்டாலும் பழைய பத்திரம் செல்லாது. புதிதாகக் கைம்மாறு பெற்றுப் புதிய ஒப்பந்தமே செய்தல் வேண்டும். உயிலுக்கும் அவ்வாறே: மைனர் எழுதிய உயில் செல்லாது.

காப்பாளர் உள்ளோர்க்கு மட்டும் இருந்த 21 என்னும் வரம்பு 1999-இல் நீக்கப்பட்டது. இன்று 18 நிரம்பிய ஆணோ பெண்ணோ ஒப்பமிட எவர் இசைவும் வேண்டா. ஆனால், தர்மதாஸைக் காத்த வேலி அவர்க்கில்லை. உரிமையோடு கடனும் அவரதே.