கனடா டாலரை மிதக்கவிட்டபோது பிறந்த கணக்கு

அரசு செலவைக் கூட்டினால் உற்பத்தி பெருகுமா? மைய வங்கி வட்டியைக் குறைத்தால் தொழில் சூடுபிடிக்குமா? நாணயத்தின் மாற்று விகிதம் நிலையானதா, மிதப்பதா என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது என்கிறது முண்டெல்–ஃப்ளெமிங் மாதிரி. அதன் வேர் 1937-இல் இங்கிலாந்தின் ஜான் ஹிக்ஸ் வரைந்த வரைபடத்தில் இருக்கிறது. கீன்ஸின் கருத்தை வட்டி, உற்பத்தி என்ற இரண்டு அச்சுகளில் அடக்கியவர் அவர். ஆனால் அந்தப் படத்தில் வெளிநாடு இல்லை.

வெளிநாட்டை உள்ளே கொண்டுவர ஒரு தற்செயல் உதவியது. 1950-இல் அமெரிக்க முதலீடு கனடாவுக்குள் வெள்ளமாகப் புகுந்தது. விகிதத்தைப் பிடித்துவைக்க முடியாத கனடா, தற்காலிகமாக என்று சொல்லித் தன் டாலரை மிதக்கவிட்டது. உலகமே நிலையான விகிதத்தில் இருந்த அந்நாளில் இந்தத் தற்காலிகம் 1962 வரை நீண்டது. ஐம்பதுகளின் இறுதியில் வேலையின்மை ஏறியபோதும் மைய வங்கி ஆளுநர் ஜேம்ஸ் காய்ன் பண இறுக்கத்தைத் தளர்த்தவில்லை. உயர்ந்த வட்டியை நாடி அமெரிக்கப் பணம் வந்தது, கனடா டாலர் அமெரிக்க டாலரைவிட விலை கூடியது, ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். அரசுடன் மோதிய காய்ன் 1961-இல் பதவி விலகினார்.

அதே ஆண்டு கனடாக்காரரான ராபர்ட் முண்டெல் வாஷிங்டனில் பன்னாட்டு நாணய நிதியத்தில் சேர்ந்தார். அங்கே ஸ்காட்லாந்துக்காரரான மார்கஸ் ஃப்ளெமிங்கும் வெளிநாட்டைப் படத்துக்குள் கொண்டுவரும் கேள்வியில் இறங்கியிருந்தார். 1962-இல் ஃப்ளெமிங்கின் கட்டுரையும் 1963-இல் முண்டெலின் கட்டுரையும் வெளிவந்தன.

முதலீடு எல்லை தாண்டத் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டார் முண்டெல். மிதக்கும் விகிதத்தில் அரசு கடன் வாங்கிச் செலவழித்தால் வட்டி ஏறப் பார்க்கும், வெளிப்பணம் வரும், நாணயம் வலுக்கும். அதனால் ஏற்றுமதி சுருங்கி, செலவின் பலனைத் தின்றுவிடும். மைய வங்கி பணத்தைப் பெருக்கினாலோ முதலீடு வெளியேறும், நாணயம் இறங்கும், ஏற்றுமதியும் உற்பத்தியும் உயரும். நிலையான விகிதத்தில் இது அப்படியே தலைகீழ். பணத்தைப் பெருக்கினால் விகிதத்தைக் காக்க மைய வங்கி கையிருப்பு டாலரை விற்றுத் தன் நாணயத்தைத் திரும்ப வாங்க வேண்டும். பெருக்கிய பணம் அதனிடமே திரும்பிவிடும். அரசு செலவழித்தால், உள்ளே வரும் டாலரை வாங்க மைய வங்கி புதுப் பணம் வெளியிடும். வட்டி ஏறாது, செலவு முழுப் பலன் தரும்.

நாணய மதிப்பு நாளை மாறும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை என்ற அனுமானம் இதன் குறை. முண்டெலின் மாணவர் ரூடி டோர்ன்புஷ் 1976-இல் எதிர்பார்ப்பைச் சேர்த்தார். பணத்தைப் பெருக்கினால், பொருட்களின் விலை மெதுவாக நகர்வதால் நாணயம் முதலில் தேவைக்கு மேல் சரிந்து, பிறகே மீளும் என்று காட்டினார்.

1990-இல் இந்தக் கணக்கு ஐரோப்பாவில் உயிர்பெற்றது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் செலவில் இறங்கிய ஜெர்மனியில் வட்டி உயர்ந்தது. அந்த ஆண்டு பவுண்டை மார்க்குடன் கட்டியிருந்த பிரிட்டன், மந்தத்தில் இருந்தும் வட்டியை உயர்த்தியே வைக்க வேண்டியதாயிற்று. 1992 செப்டம்பர் 16 அன்று கையிருப்பைக் கொட்டிப் பவுண்டை வாங்கியது; 10 சதவீத வட்டியை 12 ஆக்கி, 15 என்றும் அறிவித்தது. மாலையில் கட்டை அவிழ்த்தது. பவுண்டு இறங்கியது, அடுத்த ஜனவரிக்குள் வட்டி 6 சதவீதமானது, பொருளாதாரம் மீண்டது. விகிதத்தைக் கைவிட்ட பிறகே வட்டி பிரிட்டனின் கைக்கு வந்தது.