ஆயுட் காப்புறுதி விளம்பரத்தில் மூன்று குரல்கள்

சவர்க்காரம் விற்பவன் நுரையைக் காட்டலாம். தேயிலை விற்பவன் ஆவி பறக்கும் கிண்ணத்தைக் காட்டலாம். ஆயுட் காப்புறுதி விற்பவனுக்கோ காட்டுவதற்கு யாதொரு பொருளும் இல்லை. அவன் கொடுப்பது ஒரு பத்திரம். அதன் பயன் பெரும்பாலும் வாங்கியவன் மறைந்த பின்னரே வந்து சேரும். ஆகவே, இதற்கு விளம்பரம் எழுதுவோன் முதலில் தீர்க்கவேண்டிய வினா ஒன்று உண்டு: இறப்பை எங்கே வைப்பது? இருபதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மூன்று கம்பனிகள் இவ்வினாவுக்கு மூன்று வேறு விடைகளைக் கண்டன.

1920களில் புறூடென்ஷல் கம்பனி வெளியிட்ட விளம்பரம் ஒன்று அச்சத்தின் குரலில் பேசியது. அநாதை விடுதியில் ஒரு குழந்தை. தன் தந்தை காப்புறுதிப் பணத்தைத் தொடர்ந்து கட்டவில்லையாம் என்று அக்குழந்தையே கூறுவதாகத் தலைப்பு. இங்கே இறப்பு முன்னரே நிகழ்ந்து முடிந்துவிட்டது. படிப்பவன் இறந்த தந்தையின் இடத்தில் நிறுத்தப்படுகிறான். தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அவனுக்கு வாயில்லை. அன்றியும், பத்திரமே வாங்காதவனை மட்டும் இவ்விளம்பரம் குறிவைக்கவில்லை. வாங்கிவிட்டு, கையிறுக்கமான ஒரு மாதத்தில் கட்டுப்பணத்தை நிறுத்திவிட எண்ணுபவனையும் அது பிடித்து நிறுத்துகிறது. இது கெட்டிக்காரத்தனமான எழுத்து; சிறிது கொடுமையானதுங்கூட.

எனினும் அச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1953ஆம் ஆண்டில் ஜானிஸ், பெஷ்பாக் என்னும் இரு உளவியலாளர் பல்லைப் பேணுதல் பற்றி அமெரிக்க உயர்பள்ளி மாணவரிடையே நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். மிகுதியாக அச்சுறுத்தப்பட்டவர்களே மிகக் குறைவாகத் தம் பழக்கத்தை மாற்றினார்கள். பின்வந்த ஆய்வுகள் இம்முடிவைச் சற்றுத் திருத்தின: தன்னால் செய்யக்கூடிய பரிகாரம் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்குமாயின், கடும் அச்சமும் மனிதனைச் செயலுக்குத் தூண்டும், இல்லையேல் அவன் பக்கத்தைப் புரட்டிவிடுவான். அநாதைக் குழந்தையைக் காட்டும் விளம்பரம், மாதம் எவ்வளவு கட்டினால் போதும் என்பதையும் சொல்லாவிடில், கட்ட வழியற்றவனுக்கு வேதனையை மாத்திரமே கொடுக்கும்.

பீனிக்ஸ் மியூச்சுவல் கம்பனி வேறு வழியிற் சென்றது. இறப்பை அது ஏறத்தாழ மறைத்தே விட்டது. அதன் புகழ்பெற்ற விளம்பரங்களில் விதவையும் இல்லை, அநாதையும் இல்லை. கவலையின்றி ஓய்வுகாலத்தைக் கழிக்கும் கணவனும் மனைவியுமே இருந்தனர். நாற்பது வயதினர் பதினைந்தாண்டிற் பணியிலிருந்து ஓய்ந்து, மாதந்தோறும் 200 டொலர் போன்றதொரு தொகையை வாழ்நாள் முழுவதும் பெறலாம் என்பது அவற்றின் செய்தி. இடையில் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டென்பது கீழே அடக்கமாகச் சொல்லப்பட்டது. அடியில் வெட்டி அனுப்பும் சீட்டொன்று இருக்கும். வந்து சேரும் சீட்டுகளை எண்ணியே எந்தத் தலைப்பு வாசகரை ஈர்த்தது என்று கணித்தனர். சீட்டனுப்பியவர் எல்லோரும் பத்திரம் வாங்கியவர் அல்லர் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

இக்குரலின் குறை அச்சத்தின் குறையிலும் நுட்பமானது. 1940இல் நாற்பது வயதில் ஒருவர் இத்திட்டத்திற் சேர்ந்தார் எனக் கொள்வோம். 1955இல் வாக்களித்தபடியே மாதம் 200 டொலர் அவர் கைக்கு வருகிறது. ஆனால் அப்பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்காவின் விலைவாசி ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது. அவர் கனவு கண்ட நாளில் நூறு டொலருக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கியவற்றையே இப்பொழுது இருநூறு கொடுத்து வாங்குகிறார். கம்பனி ஒரு சதமும் குறைக்கவில்லை; விளம்பரத்தில் பொய்யும் இல்லை. தொகை உறுதியாயிருந்தது, அத்தொகையால் வாங்கக்கூடிய வாழ்வு உறுதியாயிருக்கவில்லை. அச்சமூட்டும் விளம்பரம் தவறினால் வாசகன் அன்றே முகஞ்சுளிப்பான். ஆசையூட்டும் விளம்பரத்தின் தவறு பதினைந்தாண்டு கழித்தே தெரியவரும்.

நகைச்சுவை இத்துறைக்குக் கூச்சத்துடனேயே வந்தது. நியூ இங்கிலாந்து ஆயுட் காப்புறுதிக் கம்பனிக்காக ரோலண்ட் வில்சன் என்னும் ஓவியர் 1960களில் வரைந்த சித்திரங்கள் அதில் ஒரு வெற்றி. ஏதுமறியாத ஒருவன் மீது பேராபத்து ஒன்று வந்து விழப்போகிறது. அவனுடைய காப்புறுதிக் கம்பனி எதுவென யாரோ கேட்டிருக்கிறார்கள். அவன் கம்பனியின் பெயரைப் பெருமிதத்தோடு சொல்லி, ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறான். அவ்வளவுதான். இறப்பு அடுத்த கணத்தில் நிற்கிறது. ஆயினும் அந்தக் கணம் வருவதேயில்லை. அச்சமும் அங்கே இருக்கத்தான் செய்கிறது. சிரிப்பு அதைக் குத்தாதபடி பிடித்துக்கொள்கிறது.

இச்சித்திரங்கள் படித்த நடுத்தர வகுப்பார் வாங்கும் சஞ்சிகைகளில் வெளிவந்தன. காப்புறுதி வேண்டும் என்பதை முன்பே ஒப்புக்கொண்ட வாசகர் அவர். எந்தக் கம்பனி என்பதே எஞ்சிய வினா. அவ்வினாவுக்கு நகைச்சுவை போதுமானது. காப்புறுதியே வேண்டாம் என்பவனை அது அசைக்காது. அண்மையில் இழவு நேர்ந்த வீட்டில் அதே சித்திரம் சகிக்க முடியாததாகிவிடும். மனைவி மக்களுக்கு எவ்வளவு தொகை வேண்டியிருக்கும் என்பதையும் அது சொல்வதில்லை. அக்கணக்கை வீட்டுக்கு வரும் முகவரே, வருமானத்தையும் கடனையும் பிள்ளைகளின் வயதையும் கேட்டெழுதி, பென்சிலாற் போட்டுக் காட்டவேண்டியிருந்தது.