பேப்பர் போட்டாச்சா? கடைசி 60 நாளை இப்படிப் பிரிச்சுக்கோங்க!

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலோ, ஜி.எஸ்.டி. சாலையில் ஏதோ ஒரு நிறுவனத்திலோ அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள். வேறு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டது. நோட்டீஸ் பீரியட் 60 நாள். ஆகஸ்ட் 1-ம் தேதி பேப்பர் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, மேனேஜரிடம் நேரில் சொல்லிவிட்டு அன்றே மெயில் அனுப்புவது. கடைசி வேலைநாள் எது என்று தேதியோடு எழுதுங்கள். 'சரி' என்று பதில் மெயில் வரும்வரை விடாதீர்கள். பின்னால் 'ஒரு வாரம் குறையுதே' என்ற பேச்சு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது, வேலையை ஒப்படைப்பது. பெரும்பாலானவர்கள் கடைசி வாரத்தில் ஒரு எக்செல் ஷீட்டை நீட்டி, 'எல்லாம் இதுல இருக்கு' என்பார்கள். அங்கேதான் சிக்கல். மாதாமாதம் வரும் வேலையைக் கண்ணால் பார்க்காமல் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. 7-ம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11-ல் ஜி.எஸ்.டி.ஆர்-1, 15-ல் பி.எஃப்., 20-ல் ஜி.எஸ்.டி.ஆர்-3பி. உங்கள் 60 நாளில் இந்தச் சுற்று இரண்டு முறை வரும். ஆகஸ்ட்டில் நீங்கள் செய்யுங்கள், புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும். செப்டம்பரில் அவர் செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அதுதான் நீங்கள் எழுதிவைக்க மறந்த விஷயம். உடனே குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஆள் போடவே இல்லையா? ஆகஸ்ட் 20 தாண்டியும் யாரும் வரவில்லை என்றால், 'செப்டம்பர் சுற்றை யாரிடம் கொடுப்பது?' என்று மேனேஜருக்கு மெயிலில் கேளுங்கள். அவரே பொறுப்பெடுத்தாலும் சரி, அவருக்கே சொல்லிக்கொடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அது மொபைல் நம்பர். ஜி.எஸ்.டி., பி.எஃப்., பேங்க் தளங்களில் உங்கள் சொந்த நம்பரே பதிவாகியிருக்கலாம். நீங்கள் போன பிறகும், 'சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்களேன்' என்று ஒவ்வொரு மாதமும் போன் வரும். புது ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பீர்கள், அங்கே தாக்கல் நிற்கும், எரிச்சல் இரண்டு பக்கமும். அலுவலகத்தில் இருக்கும்போதே நம்பரை மாற்றச் சொல்லி, மாறிவிட்டதா என்று ஒருமுறை லாகின் செய்ய வைத்துப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்களிடம் இருந்தால், அதை எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கடைசி நாளில் முடிந்தவை, பாதியில் நிற்பவை, பாக்கி வரவேண்டியவை என மூன்று பட்டியல் போதும். பாதியில் நிற்பதை மறைக்காதீர்கள். அடுத்து என்ன செய்யணும், யாரைக் கேட்கணும் என்று ஒரு வரி எழுதினால் யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை.

கிளம்பும் முன் ரிலீவிங் லெட்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். நிறுவனம் பதியாவிட்டால், கடைசி சந்தா கட்டி 2 மாதம் கழித்துத்தான் உங்கள் யு.ஏ.என். லாகினில் நீங்களே பதிய முடியும்.